துன்முகி வருஷம் எது?

சாத்தூர்ப் பக்கம் ஒரு வைத்தியர் வீட்டு மச்சிலிருந்து இறங்கிய மருத்துவச் சுவடி ஒன்று என்னை அப்படியே ஆட்கொண்டுவிட்டது! கடைசி ஏட்டில் 'துன்முகி ௵ தை ௴' என்று எழுதி, தேதியும் கிழமையும் குறித்திருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு துன்முகி வரும். அந்தத் தை மாதம் 1777-இலா, 1837-இலா, 1897-இலா?

முதலில் எழுத்தைப் பார்த்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே ஒற்றைக் கொம்பு. காலும் ரகரமும் ஒரே கோடு. அச்சுப் புத்தகம் படித்துப் பழகிய கையானால் இரட்டைக் கொம்பு எங்காவது எட்டிப் பார்த்திருக்கும். ஆனாலும் பழைய கைப்பழக்கத்தை விடாத முதியவர் 1897-இலும் இப்படியே எழுதியிருக்கலாம். எழுத்து சாய்வைக் காட்டுமே தவிர ஆண்டைக் காட்டாது.

ஏடு கறுத்து, ஓரம் பொடிந்து கிடந்தது. "ஐந்நூறு வருஷம் இருக்கும்" என்றார்கள் வீட்டார். வெடிமருந்து உலர வாகாக இருக்கிற இதே சிவகாசி வட்டாரத்து வறட்சி, பூஞ்சையை அண்டவிடாது. ஆனால் ஓலையின் ஈரத்தை உறிஞ்சி மொடமொடவென்று ஆக்கிவிடும். போதாக்குறைக்கு இந்த மச்சுக்கு நேர் கீழே அடுப்பு. புகையேறிய ஓலையின் கறுப்பை வைத்து வயது சொன்னால் நூறு, இருநூறு வருஷம் பிசகும்.

அடுத்ததுதான் எனக்கு உயிர்: கயிறு! நுனி உருவிக்கொள்ளாமலிருக்க ஓலையைக் கிளிமூக்காக நறுக்கிக் கட்டுவார்கள். சோழியோ துளையிட்ட காசோ கோப்பதும் உண்டு. இதில் கும்பினியாரின் காலணா. துடைத்தால் 1835! ஆகவே கயிறு கட்டியது 1835-க்குப் பிறகு. ஏடு அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம், கயிறு மாற்றுவது வழக்கமாயிற்றே. அதனால் துளையைப் பார்க்க வேண்டும். பல கயிறு கண்ட துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, விளிம்பு பிசிராக இருக்கும். இதன் துளைகளோ வட்டம் குலையாமல் இருந்தன. 1777 பின்னுக்குப் போயிற்று.

மிச்சத்தைப் பஞ்சாங்கம் தீர்த்தது. அறுபது வருஷம் தள்ளினால் அதே மாதத் தேதியின் கிழமை ஐந்தோ ஆறோ நாள் நகர்ந்துவிடும்; மூன்று துன்முகிக்கும் ஒரே கிழமை வரவே வராது. ஏட்டிலிருந்த கிழமை 1837-க்கு மட்டும் பொருந்தியது. அடடா, என்ன சந்தோஷம்!

உங்கள் வீட்டிலும் சுவடி இருந்தால் ஒரே வேண்டுகோள்: இற்றுப்போனதென்று பழைய கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள். கடைசி ஏட்டைப் படம் எடுங்கள், கயிற்றையும் காசையும் சுவடியோடே வையுங்கள்.