எட்டிப் பார்க்காத பட்டி: ரவிக்கைக் கழுத்தின் மூன்று மரபுகள்

ரவிக்கைக் கழுத்தை முடிக்க நம் தையற்கடைகளில் மூன்று வழிகள் உண்டு. சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டியை வைத்துத் தைத்து, உள்ளே மடித்து எம்மிங் செய்வது ஒன்று. லைனிங் துணியையே கழுத்தோடு சேர்த்துத் தைத்துத் திருப்புவது இரண்டாவது. கழுத்தின் வடிவத்திலேயே தனிப் பட்டி வெட்டி வைப்பது மூன்றாவது. வழி எதுவானாலும் தரத்துக்கான அளவுகோல் ஒன்றுதான்: உடுத்தியபின் பட்டி வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, கழுத்து விளிம்பு சுருங்காமல் படிந்திருக்க வேண்டும்.

அதற்குத் தடையாக இருப்பது துணியின் பற்றாக்குறை. முதுகில் 'யு' கழுத்து வைத்த ரவிக்கையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் நேராக இறங்கி, அடியில் 3 அங்குல ஆரத்தில் அரைவட்டமாக வளைகிறது. அந்த அரைவட்டத்தில் தையல் கோட்டின் நீளம் சுமார் 9.4 அங்குலம். தையலுக்கு வெளியே விட்ட காலங்குலத் துணி கழுத்துத் துளையின் பக்கம் இருப்பதால், அதன் ஓரம் 8.6 அங்குலம்தான். திருப்பியதும் அதே ஓரம் தையலுக்கு அப்புறம், பெரிய வட்டத்தில் போய்ப் படிய வேண்டும். அங்கே 10.2 அங்குலம் தேவை. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் துணி போதவில்லை. இழுபடும் அந்த ஓரம்தான் கழுத்தைச் சுருக்குகிறது. எவ்வளவு அயர்ன் செய்தாலும் இந்தக் குறை தீராது.

இதைத் தீர்ப்பது கத்தரி. வளைவில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கட் கொடுத்தால் 18 கட் வரும். ஒவ்வொன்றும் ஓரத்தில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரிந்தாலே கணக்குச் சரியாகிவிடும். ஆறே கட் கொடுத்தால் ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். வட்டம் முனை முனையாகத் தெரியும். நேராக இறங்கும் பக்கங்களுக்குக் கட் வேண்டியதில்லை. கத்தரி நுனி தையலுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் நின்றால் கட் போதாமல் சுருக்கம் மிஞ்சும். தையலைத் தொட்டால் ஓட்டை விழும். பூவிதழ்போல் வெளியே வளையும் ஸ்காலப் கழுத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே திருப்பும்போது துணி மிஞ்சும் என்பதால், கட் கொடுத்தால் மட்டும் போதாது. சிறு முக்கோணங்களாக வெட்டி எடுத்துவிட வேண்டும்.

கட் கொடுத்த துணியை ரவிக்கைப் பக்கம் காலங்குலமாகவே விட்டு, பட்டிப் பக்கம் அரைக்கால் அங்குலமாகக் குறைப்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் முடியாததால் வெளியே தடிப்புத் தெரியாது. பிறகுதான் அண்டர்ஸ்டிட்ச். கட் கொடுத்த ஓரங்கள் இரண்டையும் பட்டிப் பக்கம் தள்ளி, பட்டியின் நல்ல பக்கத்தில், கழுத்துத் தையலை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் ஓட்டுவார்கள். ரவிக்கைத் துணி இந்தத் தையலில் சிக்கக் கூடாது. பட்டியும் ஓரங்களும் ஒன்றாகக் கட்டுண்டபின் பட்டி தானாக வெளியே வர முடியாது. ரவிக்கைத் துணி மேலே சுருண்டு, இணைப்புத் தையல் மயிரிழை அளவு உள்ளே போய்விடும். கட் கொடுக்காமல் இதை ஓட்டினால் சுருக்கத்தையே தைத்து நிரந்தரமாக்கியதாகிவிடும். ஆகவே முதலில் கட், அதன்பின் அண்டர்ஸ்டிட்ச், கடைசியில் அயர்ன்.

மரபுகள் பிரிவது இந்தத் தையலில்தான். கிராஸ் பட்டி மரபுக்கு இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சாய்துணி இழுபட்டுக் கொடுப்பதால் குறை பாதி தீர்ந்துவிடும். மீதியை எம்மிங் பிடித்துக்கொள்ளும். லைனிங் மரபில் இதுதான் ஆதாரம். ஆனால் தோள் முனையருகே மெஷின் பாதம் நுழையாது, அங்கே சற்று முன்பே நிறுத்திவிடலாம். சதுரக் கழுத்தின் மூலையிலும் அப்படியே: ஒரே ஒரு சாய்ந்த கட், மூலைக்கு முன் நிறுத்தம். பாரிஸ் உயர்தர ஆடைக் கூடங்களில் மெஷினுக்குப் பதில் கையால் சிறு சிறு குத்துத் தையல் போடுவதும் உண்டு. மெல்லிய பட்டில் மெஷின் தையல் விறைப்பாக நிற்கும் என்பது காரணம்.

எல்லாத் துணிக்கும் பட்டி முறை அப்படியே பொருந்தாது. ஆர்கன்சா போன்ற ஊடுருவித் தெரியும் துணியில் பட்டியின் அகலமே வெளியே தெரியும். அங்கே மெல்லிய பைப்பிங்தான் நேர்மையான முடிவு. பிரியும் பட்டில் கட் கொடுத்த வாய் நூல் விட்டுத் தையல்வரை வந்துவிடும். ஆகவே வளைவில் தையலைச் சிறு பொடித் தையலாக வைப்பார்கள்.

வேலையைச் சோதிக்க ரவிக்கையைப் பரப்பி, கழுத்தை விரலால் இருபுறமும் நீவிப் பாருங்கள். பட்டி மேலே ஏறிவந்தால் அண்டர்ஸ்டிட்ச் இல்லை, அல்லது இணைப்பிலிருந்து வெகுதூரம் போயிருக்கிறது. வளைவில் மட்டும் சுருக்கம் தெரிந்தால் கட்டின் ஆழம் போதவில்லை. விளிம்பு முனை முனையாக இருந்தால் கட் எண்ணிக்கை குறைவு. முதல் சலவைக்குப்பின் இதே சோதனையில் தேறும் கழுத்தைத்தான் தேர்ந்த வேலை என்று சொல்ல வேண்டும்.