நிரூபணத்தை இரண்டே வரியில் ரசிப்பது எப்படி?

இளங்கலைக் கணிதத்தில் மெய்ப் பகுப்பாய்வுப் பாடம் எடுத்தவர்களிடம் லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றத்தைக் கேட்டால், கூற்றைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நிரூபணத்தைக் கேட்டால் பலர் தயங்குவார்கள். தேர்வுக்காக வரிவரியாக மனப்பாடம் செய்த நிரூபணத்தில் நடுவே ஒரு வரி மறந்தாலும் மீதியெல்லாம் நின்றுவிடும். எந்த வரி நிரூபணத்தைத் தாங்குகிறது, எது வெறும் சரிபார்ப்பு என்று பிரித்துப் பார்த்துப் பழகாததுதான் காரணம்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நிரூபணத்தையும் படித்தபின் இரண்டு வரி மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் மையக் கருத்து: தேற்றம் ஏன் உண்மை? இரண்டாவது வரியில் உத்தி: அந்தக் கருத்தை இந்த இடத்தில் செல்லுபடியாக்க என்ன செய்தார்கள்? ரோலின் தேற்றத்தில் தொடங்கி டெய்லர் தேற்றம் வரை இதைச் செய்து பார்ப்போம்.

ரோலின் தேற்றம் சொல்வது இது. ஒரு சார்பு [a, b] என்ற மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்கிறது, உள்ளே எல்லாப் புள்ளியிலும் வகையிடத்தக்கது, இரு முனைகளிலும் ஒரே மதிப்பைப் பெறுகிறது. அப்படியானால் உள்ளே எங்கோ ஒரு புள்ளியில் வகைக்கெழு பூச்சியம். மிஷேல் ரோல் 1691-இல் இதைப் பல்லுறுப்புக் கோவைகளுக்கு மட்டுமே நிறுவினார். இன்று பாடநூல்களில் இருக்கும் நிரூபணத்தின் மையக் கருத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்: மலையுச்சியில் தரை சாய்ந்திருக்காது. சார்பு தன் மிக உயர்ந்த மதிப்பையோ மிகத் தாழ்ந்த மதிப்பையோ உள்ளே ஒரு புள்ளியில் அடைந்தால், அங்கே சாய்வு பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். உச்சிக்கு இடப்பக்கம் சாய்வு கீழிறங்க முடியாது, வலப்பக்கம் மேலேற முடியாது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் சந்திக்க வேண்டுமென்றால் அது பூச்சியம்தான்.

உச்சமும் தாழ்வும் இரண்டுமே முனைகளில் விழுந்தால் என்ன செய்வது? முனைகளின் மதிப்பு ஒன்றே என்பதால் சார்பு மாறிலியாகிவிடும், வகைக்கெழு எங்கும் பூச்சியம். இதை இரண்டு வரிக்குள் எழுத வேண்டியதில்லை. மையக் கருத்து கையில் இருந்தால் இந்தக் கேள்வி தானாக எழும், பதிலும் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். தானாகத் திரும்பக் கட்டிக்கொள்ளக் கூடியதை விட்டுவிடலாம். தானாகத் தோன்றாததை விடக் கூடாது. சுருக்கும்போது இந்த ஓர் அளவுகோல் போதும்.

அடுத்தது லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றம். இங்கே முனைகளின் மதிப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முனைகளை இணைக்கும் நாணுக்கு என்ன சாய்வோ, அதே சாய்வுள்ள தொடுகோடு உள்ளே ஒரு புள்ளியில் உண்டு என்கிறது தேற்றம். மையக் கருத்து புதிதல்ல, ரோல்தான். புதிது உத்தி: நாணின் சாய்வைக் கழித்துவிடு. நாணின் சாய்வு m என்றால்

g(x) = f(x) − mx

என்று வைத்தால், g இரு முனைகளிலும் ஒரே மதிப்பைப் பெறும். ரோல் ஒரு c-ஐத் தருகிறது; அங்கே g′(c) = 0, அதாவது f′(c) = m. லெக்ராஞ்சியின் பெயரில் வழங்கினாலும், இந்த வகை நிரூபணம் ஒசியான் போனே என்ற பிரெஞ்சுக் கணிதரிடமிருந்து வந்தது. 1868-இல் செரே எழுதிய நுண்கணித நூலில் அச்சானது.

எண்களில் பார்ப்போம். f(x) = x³, இடைவெளி [0, 2]. நாணின் சாய்வு (8 − 0)/2 = 4. எனவே g(x) = x³ − 4x. இது 0-இலும் 2-இலும் பூச்சியம். நடுவே கீழே இறங்கி மேலே வருகிறது. அது மிகத் தாழ்ந்த இடத்தில் 3x² = 4, அதாவது x = 2/√3, ஏறத்தாழ 1.155. மூல வளைவை மட்டும் பார்த்தால் அந்தப் புள்ளியில் சிறப்பாக எதுவும் தெரியாது, வளைவு ஏறிக்கொண்டே போகிறது. கழித்த பிறகுதான் அது ஒரு பள்ளத்தின் அடி என்று தெரிகிறது. இந்த உத்தியின் அழகு இதில்தான் இருக்கிறது.

சுருக்கம் சரியாக வந்ததா என்று எப்படி அறிவது? நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எந்த வார்த்தை உடைகிறது என்பதை உங்கள் வரி காட்ட வேண்டும். [−1, 1]-இல் |x| முனைகளில் ஒரே மதிப்பைப் பெறுகிறது, ஆனால் வகைக்கெழு எங்கும் பூச்சியமாகவில்லை. தாழ்ந்த புள்ளி 0-இல் இருக்கிறது, அங்கே கூர்முனை. ‘சாய்வு’ என்ற சொல் உடைகிறது. விகிதமுறு எண்கள் மட்டுமே உள்ள உலகில் [0, 1]-இல் x³ − x-ஐ எடுத்தால், தாழ்வு இருக்க வேண்டிய இடம் 1/√3. அது விகிதமுறு எண் அல்ல. ‘அடைந்தால்’ என்ற சொல் உடைகிறது. மெய்யெண்களின் முழுமை எங்கே வேலை செய்கிறது என்பது இதில் புரியும். கலப்பெண் மதிப்புள்ள e^(ix) 0-இலும் 2π-இலும் 1; ஆனால் அதன் வகைக்கெழுவின் மட்டு எப்போதும் 1, ஒருபோதும் பூச்சியமாகாது. கலப்பெண்களில் பெரியது, சிறியது என்ற வரிசை இல்லாததால் ‘உச்சி’ என்ற சொல்லே அங்கே பொருளிழக்கிறது.

சுருக்கம் இரண்டு விதமாகப் பிழையாகும். “g என்று வை, வகையிடு, ரோலைப் பயன்படுத்து, c கிடைக்கும்” என்று எழுதினால் அது செய்முறைப் பட்டியல். ஏன் அந்த g என்பது அதில் இல்லை. “ரோலிலிருந்து வரும்” என்று மட்டும் எழுதினால் உத்தி தொலைந்துவிடும். ஒரு மாதம் கழித்து g-ஐ மீட்டெடுக்க முடியாது. “நாணின் சாய்வைக் கழி, பிறகு ரோல்” என்பதில் இரண்டும் இருக்கின்றன.

இப்படி எழுதிய வரி அடுத்த தேற்றத்துக்கும் வழிகாட்டும். டெய்லர் தேற்றத்தின் முதல் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். f இரண்டு முறை வகையிடத்தக்கது. f(b)-ஐ f(a) + f′(a)(b − a) என்று தோராயமாகச் சொன்னால் ஒரு பிழை மிஞ்சும். அதை K(b − a)² என்று எழுதினால் K என்ன? நாணைக் கழித்தது போலவே, இப்போது ஒரு பரவளையத்தைக் கழிக்கிறோம்:

g(x) = f(x) − f(a) − f′(a)(x − a) − K(x − a)²

முதலில் g(a) = 0. K-ஐத் தேர்ந்தெடுத்த விதத்தால் g(b) = 0. எனவே ரோல் g′ பூச்சியமாகும் ஒரு புள்ளியைத் தருகிறது. g′(a) என்பதும் பூச்சியம் என்பதால், அந்த இரு புள்ளிகளுக்கிடையே g′-க்கே மறுபடி ரோலைப் பயன்படுத்தலாம். g″(c) = 0 என்றால் f″(c) = 2K; ஆக K = f″(c)/2. பாடநூலில் பக்கம் முழுக்க நீளும் நிரூபணத்தை இரண்டு வரியில் எழுதலாம்: பிழையை ஒரு மாறிலியில் அடைத்துக் கழி, ரோலை இருமுறை பயன்படுத்து.

கோஷியின் இடைமதிப்புத் தேற்றத்தை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதில் f, h என இரண்டு சார்புகள் வரும். நாணின் சாய்வுக்குப் பதிலாக எதை எதிலிருந்து கழித்தால் இரு முனைகளும் சமமாகும் என்று யோசியுங்கள். புத்தகத்தைத் திறக்கும் முன் உங்கள் இரண்டு வரியைத் தாளில் எழுதிவிடுங்கள்.