இடம் மிச்சம், ஆட்டம் காலி

256 ஜிபி எஸ்எஸ்டி என்று பெட்டியில் போட்டிருக்கும் லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ் காட்டுவது 238 ஜிபிதான். தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் புது லேப்டாப்பிலும் இதே அளவுதான். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் பாடத்துக்கான சாஃப்ட்வேர்களும் உட்கார்ந்தபின் கேமுக்கு மிஞ்சுவது சொற்பம். ஊத்தங்கரையில் படிக்கிற பையனானாலும் ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குத் திரும்புகிறவரானாலும் அடுத்துக் கை போவது ஒரே இடத்துக்கு: டிரைவின் Properties பெட்டியில் இருக்கும் `Compress this drive to save disk space` என்ற டிக். விண்டோஸிலேயே இருக்கும் வசதி, காசு கிடையாது. ஆனால் கேம் வைக்கும் டிரைவுக்கு இந்த வசதி ஆகாது என்பது என் தீர்ப்பு.

பணம் கட்டி வாங்கும் பெரிய கேம்களைவிட, மொபைல் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில்தான் இது நன்றாகத் தெரியும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆட எமுலேட்டர் போட்டால், ஒரு முழு ஆண்ட்ராய்டு போனின் சேமிப்பும் `Data.vhdx` போன்ற ஒரே பெரிய ஃபைலாக டிரைவில் உட்காரும். ஹைப்பர்-வி வழியில் ஓடும் எமுலேட்டர் என்றால், அந்த ஃபைலைத் தனி டிஸ்க்காக மாட்டித்தர வேண்டியது விண்டோஸ். அது கம்ப்ரஸ் ஆகியிருந்தால் விண்டோஸ் மாட்டாது. `Virtual hard disk files must be uncompressed and unencrypted and must not be sparse` என்று காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும், `0xC03A001A` என்ற எண்ணோடு. எமுலேட்டரோ அதை விழுங்கிவிட்டு, “தொடங்க முடியவில்லை, மீண்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்” என்ற அளவில் நிறுத்திக்கொள்வதுண்டு. அதை நம்பி மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் பலனில்லை. கம்ப்ரஸ் ஆன ஃபோல்டரில் புதிதாக உருவாகும் ஃபைலும் கம்ப்ரஸ் ஆகியே பிறக்கும். டேட்டா பேக் தீர்ந்ததுதான் மிச்சம்.

கண்டுபிடிப்பது சுலபம். ஃபைல் ஐகானின் மூலையில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு நீல அம்புகள் இருந்தால் அதுதான். எமுலேட்டரை முழுதாக மூடிவிட்டு, அட்மினாகத் திறந்த கமாண்ட் விண்டோவில் இதை அடிக்கலாம் (ஃபோல்டர் பெயரை உங்களுடையதாக மாற்றிக்கொண்டு):

```
compact /u /s:"D:\Emulator" /i
```

ஃபைல் விரிவதற்கு டிரைவில் காலி இடம் வேண்டும். இடமில்லாமல்தானே டிக் போட்டோம் என்றால், முதலில் வேறு எதையாவது அழிக்கத்தான் வேண்டும். ஃபைலை அதே டிரைவில் கம்ப்ரஸ் ஆகாத இன்னொரு ஃபோல்டருக்கு கட் செய்து ஒட்டினால் போதாதா? போதாது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தும் ஃபைல் தன் பழைய நிலையைக் கூடவே கொண்டுபோகும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் நிலை ஒட்டும்.

“நான் கேம்களை கம்ப்ரஸ் செய்துதான் வைத்திருக்கிறேன், ஜோராக ஓடுகிறதே” என்பவர்களும் பொய் சொல்லவில்லை. காம்பாக்ட்-ஜியுஐ போன்ற டூல்கள் `compact /exe` வகையைப் பயன்படுத்துகின்றன. அது படிக்க மட்டுமே உள்ள ஃபைல்களுக்கென்று வந்த வேறு முறை. எழுதப் போனால் ஃபைல் தானாக விரிந்துவிடும். பழைய டிக் அப்படியல்ல. 64 கேபி துண்டாக எடுத்து அழுத்திப் பார்க்கும், ஒரு கிளஸ்டராவது மிச்சமாகாவிட்டால் அப்படியே விட்டுவிடும். கேமின் படங்களும் ஒலிகளும் பெரும்பாலும் ஏற்கெனவே அழுத்தப்பட்டே வருவதால், பல துண்டுகள் அப்படியேதான் நிற்கும். கிடைக்கும் லாபம் அற்பம்.

சரி, டிவியில் படம் பார்க்க வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாமா? அதில் இருப்பது பெரும்பாலும் எக்ஸ்-ஃபேட். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலே நிற்காது; எக்ஸ்-ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் எந்த ஃபோல்டரை யார் தொடலாம் என்ற அனுமதிகளை எழுதிவைக்க அதில் இடம் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் ஆப் வழியே வரும் கேம்கள் அந்த அனுமதியை நம்பியே இயங்குவதால் என்டிஎஃப்எஸ் கேட்கின்றன. ஸ்டீமில் வாங்கிய பல கேம்கள் எக்ஸ்-ஃபேட்டிலும் ஓடுவது உண்மைதான். அதைப் பார்த்துத்தான் “டிஸ்க் நன்றாக இருக்கிறது, இந்த கேம்தான் கோளாறு” என்ற முடிவுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

மாற்றும்போது ஒரு கவனம். `convert E: /fs:ntfs` என்ற கட்டளை ஃபேட்32-க்குத்தான் உதவும், எக்ஸ்-ஃபேட்டில் எடுபடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் அடிப்பதே வழி. அதன்பின் அந்த டிஸ்க்கை வீட்டு டிவி படிக்கும் என்று உறுதியில்லை. டிவிக்கு ஒரு சின்ன பென்டிரைவை ஒதுக்கிவிடுங்கள். காலி இடம் எத்தனை ஜிபி என்று இன்ஸ்டாலுக்கு முன்னாலேயே கணக்குப் பார்க்கும் கேம் கம்பெனிகள், டிரைவின் ஃபார்மட்டையும் கம்ப்ரஷனையும் அதே நொடியில் பார்த்துச் சொல்லியிருக்கலாம். விண்டோஸிடம் கேட்டால் உடனே கிடைக்கிற தகவல்தான் அது.