காட்டில் தூக்கிய கால், அறையில் ஊன்றிய கால்: மாயா டெரனின் குறும்படத்தில் பொருத்த வெட்டு

அமெரிக்கப் பரிசோதனைத் திரைப்பட இயக்குநர் மாயா டெரன் 1945-இல் எடுத்த ‘எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா’ ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் கறுப்பு வெள்ளைக் குறும்படம். இதில் வசனமும் இசையும் இல்லை. திரையில் தோன்றும் ஒரே மனிதர் டாலி பீட்டி என்னும் நடனக் கலைஞர். படத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு காட்டில் ஆடுகிறார். ஆட்டத்தின் நடுவே ஒரு காலை மெல்ல உயர்த்தி முன்னே நீட்டுகிறார். அந்தக் கால் கீழே இறங்கி ஊன்றும்போது அது ஒரு வீட்டின் அறைக்குள் இருக்கிறது. இடம் மாறிவிட்டது, ஆனால் அசைவு அறுபடவில்லை. இரு காட்சிகளை இணைக்கும் ‘மேட்ச் கட்’ அல்லது பொருத்த வெட்டு என்பதற்குத் திரைப்பட மாணவர்கள் முதலில் பார்க்கவேண்டிய எடுத்துக்காட்டு இது.

பொருத்த வெட்டு என்ற பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று வடிவத்தைப் பொருத்துவது. முதல் ஷாட்டில் உள்ள வட்டம் அடுத்த ஷாட்டில் வேறொரு வட்டமாகிறது. மற்றொன்று அசைவைப் பொருத்துவது. ஒரு ஷாட்டில் தொடங்கிய செயல் அடுத்த ஷாட்டில் முடிகிறது. முதலாவது ‘இது அதைப் போன்றது’ என்கிறது, இரண்டாவது ‘இதுவே அது’ என்கிறது. முதல் வகையைக் காட்சி எதுகை என்றே சொல்லலாம். செய்யுளில் எதுகை அமைய இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். திரையிலும் வட்டத்துக்கு வட்டம் என்பது மட்டும் போதாது. சட்டகத்துக்குள் அவை இருக்கும் இடமும் அளவும் ஒத்துவந்தால்தான் பார்வையாளரின் கண் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்.

டெரனின் வெட்டு இரண்டாம் வகை. அது எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்கு முன்னால் வரும் ஷாட்களிலிருந்து பார்க்க வேண்டும். படம் தொடங்கும்போது கேமரா மரங்களின் ஊடே மெல்லச் சுழல்கிறது. அது பீட்டியைக் கடந்து செல்கிறது. ஆனால் சுழற்சி முடிவதற்குள் அவர் மறுபடியும் வேறொரு மரத்தருகே நிற்கிறார், பிறகு மீண்டும். கேமரா நின்றதாகத் தெரியவில்லை, அவரும் ஓடியதாகத் தெரியவில்லை. இந்த உலகத்தில் உடல் தூரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதைப் பார்வையாளர் இங்கேயே ஏற்றுக்கொண்டுவிடுகிறார். எனவே கால் காட்டிலிருந்து அறைக்குள் இறங்கும்போது அது அதிர்ச்சியாக இல்லை, அந்த விதியின் அடுத்த படியாக இருக்கிறது. இந்த ஆயத்தம் இல்லாமல் அதே வெட்டை ஒரு சாதாரணக் கதைப்படத்தின் நடுவில் வைத்தால் வித்தையாக மட்டுமே தெரியும். இன்றைய குறும்படங்கள் பலவற்றில் நேர்வது அதுதான்.

வெட்டு விழும் இடமும் முக்கியமானது. கால் உச்சிக்குப் போய் நின்ற நொடியில் வெட்டியிருந்தால், கண்ணுக்கு ஓய்வு கிடைத்து, பின்னணி மாறியது முதலில் தெரிந்திருக்கும். அசைவின் நடுவில் வெட்டும்போது கண் பாதத்தைத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னணியைப் பார்க்க அதற்கு நேரமில்லை. பாதம் தரையைத் தொட்ட பிறகே பார்வையாளர் அறையைக் கவனிக்கிறார். அதாவது இடமாற்றம் நிகழ்வது ஒரு கணத்தில், அதை உணர்வது அடுத்த கணத்தில். இந்தச் சிறு தாமதத்தில்தான் வெட்டின் மகிழ்ச்சி இருக்கிறது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஷாட் முடியும் சட்டத்தில் பாதம் திரையில் எங்கே இருக்கிறதோ, இரண்டாம் ஷாட்டின் முதல் சட்டத்திலும் ஏறத்தாழ அங்கேயே இருக்க வேண்டும். அது நகரும் திசை மாறக்கூடாது. வேகமும் மாறக்கூடாது. இதில் அடிக்கடி தவறுவது வேகம். இரு ஷாட்களும் வெவ்வேறு நாள்களில் எடுக்கப்படுவதால், நடிகர் இரண்டாம் முறை காலைச் சற்று வேகமாக இறக்கிவிடுவார். தொகுப்பு மேசையில் அது சிறு உதறலாகத் தெரியும். இதற்கு எளிய வழி, இரண்டு இடங்களிலும் அசைவை முழுதாக எடுப்பது. காட்டிலும் காலைத் தூக்கி இறக்கச் செய்து, அறையிலும் தூக்கி இறக்கச் செய்தால், எந்தப் புள்ளியில் மாறுவது என்பதைப் பின்னர் முடிவுசெய்யலாம். பாதி அசைவை மட்டும் எடுத்தவருக்கு அந்த வசதி இல்லை. கணக்குப்படி துல்லியமாக இணைத்த வெட்டு சில சமயம் அசைவின் ஒரு துண்டைத் தாவியதுபோல் தோன்றும். அப்போது இரண்டாம் ஷாட்டை இரண்டு மூன்று சட்டங்கள் முன்னதாகத் தொடங்கி, அசைவின் சிறு பகுதியை மீண்டும் காட்டுவது தொகுப்பாளர்களின் வழக்கம்.

இனி வடிவப் பொருத்தத்துக்கு ஒரு குறும்படத்தை எதிரில் வைத்துப் பார்க்கலாம். லூயி புனுவலும் சால்வதோர் டாலியும் 1929-இல் எடுத்த ‘அன் சியன் ஆண்டலூ’வின் தொடக்கத்தில், ஒருவர் சவரக்கத்தியைத் தீட்டுகிறார். நிலவை நோக்கி ஒரு மெல்லிய மேகம் நகர்கிறது. ஒரு பெண்ணின் கண் அகலத் திறந்து பிடிக்கப்படுகிறது. மேகம் நிலவின் குறுக்கே கடக்கிறது. பார்வையாளர் நிம்மதியடைகிறார். கொடுமையைக் காட்டாமல் உவமையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் சினிமாவுக்கு உண்டு, இங்கும் அப்படித்தான் என்று நினைக்கிறார். அடுத்த ஷாட்டில் கத்தி கண்ணைக் கிழிக்கிறது. உண்மையில் அறுக்கப்பட்டது ஒரு விலங்கின் கண். இந்த எதுகை நிகழ்வதற்கு வரிசையே காரணம். கண் முதலிலும் நிலவு பிறகும் வந்திருந்தால் நிலவு வெறும் அலங்காரமாகியிருக்கும். நிலவு முன்னே வருவதால் அது பார்வையாளரை ஏமாற்றும் ஆறுதலாகிறது.

டெரனுக்கு இப்படிப்பட்ட உவமையில் ஆர்வம் குறைவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் படத்திலும் ஓர் எதுகை உண்டு. அறையிலிருந்து பீட்டி ஓர் அருங்காட்சியகக் கூடத்துக்கு வருகிறார். அங்கே பல முகங்கள் கொண்ட புத்தர் சிலைக்கு முன்னால் அவர் முகம் அண்மைக் காட்சியில் சுழல்கிறது, முதலில் மெதுவாக, பின்னர் வேகம் கூடிக்கூடி. சுழலும் ஒரு தலைக்குப் பல முகங்கள் வருகின்றன, அசையாத சிலைக்கும் பல முகங்கள். இங்கே இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன, வெட்டே தேவைப்படவில்லை. இது இயக்குநரின் கட்டுப்பாட்டுக்குச் சான்று. அருகருகே நிறுத்தினால் போதும் என்ற இடத்தில் அவர் வெட்டவில்லை, தூரத்தைத் தாண்டவேண்டிய இடத்தில் மட்டுமே வெட்டினார். இதற்கு ஒப்பிட்டால் அறைக் காட்சி மெலிந்தது. மரங்களுக்குப் பிறகு வரும் சுவர்கள் உடலை நெருக்குகின்றன என்பதைத் தவிர அங்கே அதிகம் இல்லை. அந்தப் பகுதி நினைவில் நிற்பது அதற்குள் நுழைந்த விதத்தால்.

படத்தின் இறுதியில் பீட்டி கூடத்திலிருந்து தாவுகிறார். எழும்புவதும் மிதப்பதும் இறங்குவதும் தனித்தனி ஷாட்களாக எடுத்துக் கோக்கப்பட்டிருப்பதால், நிஜத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் ஒரு தாவல் திரையில் நீண்டுகொண்டே போகிறது. அவர் வந்து இறங்குவது திறந்த வெளியில். முதல் வெட்டில் அசைவின் நேரம் அப்படியே இருந்து இடம் மட்டும் மாறியது. இங்கே நேரமும் நீட்டப்படுகிறது. இறங்கிய பின் அவர் நகராமல் அமர்ந்திருக்கிறார்.