நூலிலே விளங்கும் உணவு வலை

மாணவர்கள் வட்டமாக நின்று, நெல்லாகவும் வெட்டுக்கிளியாகவும் எலியாகவும் தவளையாகவும் பாம்பாகவும் வேஷம் ஏற்று, உண்ணப்படுவதன் கையிலிருந்து உண்பதன் கைக்கு நூலைக் கொடுத்து வயலின் உணவு வலையைப் பின்னுகிற பாடத்திலே, ஆசிரியரின் சாமர்த்தியம் முழுவதும் தவளையை விலக்கும் தருணத்தில்தான் வெளிப்படுகிறது. தவளை நூலை விட்டதும் பாம்பின் கையில் ஓர் இழை தொய்கிறது. எலியிடமிருந்து வரும் இழையோ விறைப்பாகவே நிற்பதால், ஒற்றைச் சங்கிலிக்கும் வலைக்கும் உள்ள பேதம் குழந்தைக்குக் கையாலேயே புலப்படுகிறது. ஆனால் வெட்டுக்கிளியின் நூலும் தொய்வதால், அதற்கும் நஷ்டமே என்று மாணவர் மயங்குவதுண்டு. உண்பார் இல்லாமையால் அது பெருகி நெல்லை அழிக்கும் என்பதை நூல் காட்டாது. ஆகையால், அக்கணமே இன்னும் இரண்டு வெட்டுக்கிளிகளை வட்டத்துக்குள் அனுப்பி, நெல்லின் கதி என்னவென்று கேட்கும் ஆசிரியரே இப்பாடத்தைப் பூர்த்தி செய்தவராவார்.