14 நிமிடத்தில் முடிந்த நேர்காணல்

நண்பர் ஒருவரின் மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டர். மூன்றரை வருட அனுபவம். வேறு வேலைக்கு ஒரு கன்சல்டன்சி வழியாக முயன்றபோது, முதல் டெக்னிக்கல் ரவுண்டுக்கு 45 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கியது 4:14க்கு முடிந்துவிட்டது. செலினியத்தில் இரண்டு கேள்வி, ஜாவாவில் ஒன்று, பிறகு நோட்டீஸ் பீரியட், "ஏதாவது கேட்கணுமா?", அவ்வளவுதான்.

உடனே ரெக்ரூட்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். "மேடம், 14 நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?" பதில் வந்தது: "கவலைப்படாதீங்க, ஃபீட்பேக் வந்ததும் சொல்றேன்." அன்றிரவு அவள் தூங்கவில்லை.

இப்படிக் கேட்பதை அவசரபுத்தி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. காத்திருக்கிறவருக்குத் தகவல் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அவள் கேட்ட விதத்தில் கேட்டால் பயன் மிகக் குறைவு. ரெக்ரூட்டர் அந்த நேர்காணலில் உட்கார்ந்திருக்கவில்லை. பேனலில் இருந்தவர் படிவத்தை நிரப்பி அனுப்பும்வரை அவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் படிவம் அன்றைக்கே வரலாம், மூன்று நாள் கழித்தும் வரலாம். அதற்குள் கேட்டால் அவரால் ஊகிக்க மட்டுமே முடியும்.

அந்த ஊகமும் ஒரு பக்கம் சாயக்கூடியது. கன்சல்டன்சிக்குக் கூலி பெரும்பாலும் ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான். வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது நம் ஊரில் பரவலாகப் புழங்கும் கணக்கு. அதனால் முடிவு தெரியும்வரை விண்ணப்பித்தவர் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது ரெக்ரூட்டர் தொழிலின் தேவை. "கவலைப்படாதீங்க" என்பது பொய்யில்லை. ஆனால் அதை முடிவுக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

நேரத்தை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. கட்டாயம் வேண்டிய திறன் இல்லை என்று தெரிந்ததும் பேனல் நிறுத்திவிடுவது உண்டு. ஆன்லைன் தேர்வில் கோடிங்கை முன்பே பார்த்துவிட்டதால் சுருக்கமாகச் சரிபார்த்து முடிப்பதும் உண்டு. பேனலில் இருந்தவருக்குப் புரொடக்‌ஷன் பிரச்சினை என்று அழைப்பு வந்திருக்கலாம். மூன்றுமே 14 நிமிடத்தில் முடியும். நேரத்தைவிட, பேச்சு எங்கே நின்றது என்பதே அதிகம் சொல்லும். ஒரு தவறான பதிலுக்குப் பிறகு துணைக்கேள்வியே வராமல் பேச்சு முடிந்தால் அது நல்ல அறிகுறியில்லை. ஷிப்ட், சேரும் தேதி, எந்த அலுவலகம் என்று பேச்சு நகர்ந்தால் திறனைப் பற்றிய முடிவு அநேகமாகச் சாதகம்தான்.

அவளிடம் நான் கேட்டதும் இதைத்தான். பேச்சு நின்ற இடம் நோட்டீஸ் பீரியட். "தொண்ணூறு நாளா?" என்று பேனலில் இருந்தவர் கேட்டிருக்கிறார். இவள் "ஆமாம் சார்" என்றிருக்கிறாள். கம்பெனி விதி 90 நாள்தான். ஆனால் அவள் பேப்பர் போட்டு அதற்குள் 62 நாள் ஆகியிருந்தது. ரெஸ்யூமேயில் அது இல்லை.

வியாழக்கிழமை இரண்டாவது செய்தி போனது. "மேடம், இந்த ரவுண்டு வழக்கமா எவ்வளவு நேரம் போகும்? பேனல் ஃபீட்பேக் போட்டுட்டாங்களா? நோட்டீஸ் 90 நாள்னு எடுத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். நான் ஏற்கெனவே பேப்பர் போட்டாச்சு, இன்னும் 26 நாள்தான் இருக்கு. ராஜினாமா ஏத்துக்கிட்ட மெயில் அனுப்பவா?"

முதல் செய்தியில் தீர்ப்பைக் கேட்டாள்; ரெக்ரூட்டரிடம் தீர்ப்பு இல்லை. இரண்டாவதில் அவரால் பார்த்துச் சொல்லக்கூடியவற்றைக் கேட்டாள், கூடவே அவர் பேனலிடம் எடுத்துப்போக ஒரு காகிதமும் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் அவரே அழைத்தார். படிவத்தில் "டெக்னிக்கல் ஓகே, நோட்டீஸ் 90 நாள், பொருந்தாது" என்று இருந்ததாம். அவர்களுக்கு 30 நாளுக்குள் ஆள் தேவை.

எல்லாக் கேள்வியும் இப்படிப் பலிக்காது. ஃபீட்பேக்கில் 'திறன் போதாது' என்றிருந்தால் எந்தச் செய்தியும் அதை மாற்றாது. பல நிறுவனங்கள் காரணத்தையும் வெளியே சொல்வதில்லை. தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் பதிலே நின்றுவிடும். சொன்ன நாள் தாண்டியபின் ஒருமுறை, பிறகு மூன்று நான்கு வேலைநாள் விட்டு இன்னொருமுறை என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திருத்தக்கூடிய தவறு ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே எழுதிவிடலாம். அவள் செவ்வாய் மாலையே இதை எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

அவளுக்கு அந்தச் செய்தி பலித்தது: திங்கட்கிழமை இரண்டாவது ரவுண்டு. 50 நிமிடம் ஓடியது, நிறையச் சிரித்துப் பேசினார்கள். மறுநாள் பதில் வந்தது: ஏபிஐ டெஸ்டிங்கில் அனுபவம் போதவில்லை, எடுக்கவில்லை.