பயிலரங்குக்கு ஒரு வரி: சிம்போசிய விளம்பரம் சொல்வதும் மறைப்பதும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஒரு முனையில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மறுமுனையில் கடலூர் நகரைச் சுற்றியுள்ள கல்லூரிகள், நடுவிலும் பக்கங்களிலும் பாலிடெக்னிக்குகள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளைப் போலவே இங்கும் துறைச் சங்கங்கள் சிம்போசியம் நடத்துகின்றன. அழைப்பிதழில் கட்டுரை வாசிப்பு, வினாடி வினா, புராஜெக்ட் காட்சி, டிபக்கிங் என்று வழக்கமான நிகழ்வுகள் இருக்கும். கூடவே இரண்டு மூன்று பயிலரங்குகள். வினாடி வினா என்றால் என்ன நடக்கும் என்று வருகிறவருக்கு முன்பே தெரியும். பயிலரங்கில் என்ன நடக்கும் என்பது நடத்துகிறவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பயிலரங்கின் பெயருக்குக் கீழேயும் ஒரு கவர்ச்சி வரி வந்து அமர்ந்தது. அந்த வரி வேண்டியதுதான். இன்று அது எழுதப்படும் நேரமும் எழுதுகிற ஆளும்தான் தவறு.

முதலில் வேண்டியது என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் சுவரொட்டி தபாலில் வந்து துறை அறிவிப்புப் பலகையில் வாரக்கணக்கில் தொங்கும். மாணவர் நின்று படிக்க நேரம் இருந்தது. இப்போது அதே சுவரொட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சில நொடிகள் தோன்றி மறைகிறது. அந்தச் சிறிய படத்தில் பாடத்திட்டம் முழுவதையும் அச்சிட்டால் ஒரு எழுத்தும் தெரியாது. ‘இயந்திரக் கற்றல் பயிலரங்கு’ என்று மட்டும் போட்டால், அடுத்த கல்லூரி அதே பெயரில் நடத்தும் இன்னொன்றுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஒரு வரிதான் இதைத் தனித்துக் காட்ட முடியும். இன்னொரு பயனும் உண்டு. பத்துச் சொற்களுக்குள் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி, நடத்துகிறவரையே ‘நாம் எதைத்தான் கற்றுத்தரப் போகிறோம்’ என்று கேட்க வைக்கிறது. எட்டுத் தலைப்புகளைப் பட்டியலிடுகிறவருக்கு அந்தக் கேள்வி வராமலே போகலாம்.

இந்த இரண்டாவது பயன் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. சிம்போசிய வேலை குழு குழுவாகப் பிரிக்கப்படுகிறது: வரவேற்பு, உணவு, பதிவு, வடிவமைப்பு. வரி எழுதுவது வடிவமைப்புக் குழுவின் வேலை. சுவரொட்டி நிகழ்ச்சிக்கு நான்கைந்து வாரம் முன்பே வெளியாக வேண்டும். பயிலரங்கை நடத்த வருகிறவர் அப்போது உறுதியாகியிருக்கமாட்டார். எனவே பாடம் இல்லாமலே வரி பிறக்கிறது. பாடம் இல்லாத இடத்தில் கைக்குக் கிடைப்பது எதுகையும் மோனையும், திரைப்பட வசனத்தின் சாயலும், ‘கற்றுக்கொள், உருவாக்கு, வெற்றி கொள்’ என்பது போன்ற மூன்று வினைச்சொற்களும்தான். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு அழைப்பிதழில் உள்ள பயிலரங்கு வரிகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ட்ரோன் பயிலரங்கின் வரி பைத்தானுக்கும், பைத்தானின் வரி முப்பரிமாண அச்சுக்கும் பொருந்தினால், அவை எந்தப் பயிலரங்கையும் பற்றியவை அல்ல.

உள்ளூரைத் தொட்டு, பாடத்தையும் தொட்டு எழுதினால் இந்தக் குறை தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். ஒரு மாதிரியை முழுதாகப் பார்ப்போம். கடலூர்க் கல்லூரி ஒன்றின் கட்டடப் பொறியியல் துறை, QGIS என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒருநாள் பயிலரங்கு வைப்பதாகக் கொள்வோம். அதற்கு இப்படி ஒரு வரி: ‘கெடிலம் பெருகினால் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறும்? நீங்களே வரைந்து பாருங்கள்.’ நல்ல வரி. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை நினைவில் வைத்திருக்கும் மாணவருக்கு இது சட்டென்று தைக்கும். வேறு எந்தப் பயிலரங்கின் தலையிலும் இதை வைக்க முடியாது. இடமாற்றச் சோதனையில் இது முழு மதிப்பெண் பெறும்.

ஆனால் அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. தரவைத் தெரியாமல் சொன்னது. இத்தகைய பயிலரங்குகளில் வழக்கமாகப் பயன்படுவது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் ரேடாரால் அளந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. இலவசமாகக் கிடைப்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். அதில் ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர்; ஒரு தெருவின் அகலத்தைவிடப் பல மடங்கு பெரியது. உயரத்தில் அந்தத் திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பிழை வரம்பே 16 மீட்டர். சமவெளியில் பிழை அதைவிடக் குறைவுதான். ஆனாலும் சில மீட்டர் இருக்கும். கடலூர் நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் இருப்பதே சில மீட்டர்தான். அளக்க வேண்டிய பொருளும் அளவுகோலின் பிழையும் ஒரே அளவாக இருக்கும்போது, திரையில் வரும் நீல நிறம் எதையும் சொல்வதில்லை. ரேடார் மரத்தின் தலையையும் கூரையையும் தரையோடு சேர்த்தே பார்க்கிறது. வெள்ளத்தைத் தடுத்துத் திருப்பும் ஏரிக்கரையும் ரயில் மேடும் 30 மீட்டர் கட்டத்தில் கரைந்துவிடுகின்றன. மாணவர் தம் தெருவைத் தேடிப் பார்ப்பார். 2015இல் இடுப்பளவு நீர் நின்ற இடம் திரையில் மேடாகத் தெரியும். அந்த நொடியே அவருக்கு மென்பொருளின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். பழி மென்பொருளுக்கு, குற்றம் வரிக்கு.

இதே தரவு வேறொரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். கெடிலம் கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்து, திருவதிகையையும் திருவந்திபுரத்தையும் தொட்டுக் கடலூரில் கடலில் சேர்கிறது. பண்ருட்டிக்கு மேற்கே நிலம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. அங்கே சில மீட்டர் பிழை நீரோட்டத்தின் திசையைப் பெரிதாக மாற்றாது. எனவே பண்ருட்டிக்கு மேலே ஆற்றில் ஒரு புள்ளி வைத்து, எந்தெந்த ஊர்களில் பெய்யும் மழை அந்தப் புள்ளிக்கு வந்து சேரும் என்று நீர்ப்பிடிப்பின் எல்லையை வரையலாம். தரவை முதலில் மீட்டர் அளவிலான EPSG:32644 ஆயத்தொலைவு முறைக்கு மாற்ற வேண்டும். பிறகு r.watershed கருவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர் எந்தத் திசையில் போகிறது, எத்தனை கட்டங்களின் நீர் அங்கே சேர்கிறது என்று கணக்கிட்டுத் தரும். அந்தத் திசைப் படத்தையும் நாம் வைத்த புள்ளியையும் r.water.outlet கருவிக்குக் கொடுத்தால் எல்லை வந்துவிடும்.

தவறும் இங்கேதான் நடக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஆற்றின் மேல் புள்ளி வைத்தால், கணக்கில் ஆறு ஓடும் கட்டம் ஒன்றிரண்டு கட்டம் தள்ளி இருக்கும். அப்போது நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குப் பதில் ஒரு வயல் அளவுக்கு எல்லை வரும். பார்த்தவுடன் தெரிந்துவிடும் தவறு இது. நீர் மிகுதியாகச் சேரும் கட்டத்தின் மேல் புள்ளியை நகர்த்தினால் சரியாகிவிடும். இவ்வளவும் ஒரு நாளுக்குள் அடங்கும். ஆகவே வரியை இப்படி மாற்றலாம்: ‘கெடிலத்தில் ஓடும் தண்ணீர் எந்த ஊர் மழை? எல்லையை நீங்களே வரையுங்கள்.’ பழைய வரியின் அதிர்ச்சி இதில் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மாலையில் மாணவர் கையில் இருக்கும் படம் இந்த வரி சொன்ன படமாகவே இருக்கும். இரண்டாவது வரியை எழுத, r.watershed என்ன தரும், எங்கே கைவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். வடிவமைப்புக் குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதனால் இதை எழுத முடியாது. பயிலரங்கை நடத்துகிறவர்தான் எழுத முடியும்.

இப்படி அடக்கி எழுதினால் யார் வருவார்கள் என்ற எதிர்ப்பு நியாயமானது. பதிவுக் கட்டணத்தை நம்பித்தான் மதிய உணவும் சான்றிதழ் அச்சும் நடக்கின்றன. இடங்கள் காலியாக இருந்தால் சங்கத்துக்குக் கடன்தான். ஆனால் மிகைப்படுத்திய வரி கூட்டத்தைக் கூட்டும்போது எந்தக் கூட்டத்தைக் கூட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். எதிகல் ஹேக்கிங் பயிலரங்குக்கு ‘எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கலாம்’ என்று எழுதினால் அரங்கு நிறையும். நடத்துகிறவர் காட்டப்போவதோ, பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட Metasploitable போன்ற ஒரு கணினியை ஆய்வகத்துக்குள்ளேயே சோதிப்பதை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏமாந்து முணுமுணுப்பார்கள். அது சிறிய இழப்பு. வரியை நம்பி விடுதியின் வைஃபையில் முயன்று பார்க்கிற ஒருவர் இருந்தால் இழப்பு பெரிது. பிறருடைய கணினியில் அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். கல்லூரியின் பெயரோடு வெளிவரும் ஒரு வரி அந்த வழியைக் காட்டக் கூடாது.

இன்னொரு எதிர்ப்பு மொழியைப் பற்றியது. தொழில்நுட்பம் ஆங்கிலத்தில் இருக்க, வரி தமிழில் இருந்தால் தரம் குறைந்ததாகத் தோன்றும் என்கிறார்கள். ஆங்கில வரிகளில் பெரும்பாலானவை இடமாற்றச் சோதனையில் தோற்பதைப் பார்த்தால், தரம் என்று சொல்லப்படுவது எழுத்தின் தோற்றம் மட்டுமே என்று புரியும். ஆனாலும் எல்லா வரியும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மாணவர் ஆன்-டியூட்டி கடிதத்தைத் துறைத்தலைவரிடம் நீட்டும்போது அவர் பார்ப்பது நிகழ்ச்சியின் பெயரை. அங்கே கவர்ச்சி எதுவும் வேண்டாம். ‘QGIS கொண்டு நீர்ப்பிடிப்புப் பகுதி வரைதல், ஒருநாள் பயிலரங்கு’ என்ற நேரான தலைப்புப் போதும். அழைப்பிதழில் தலைப்பும் வரியும் தனித்தனியாக, இரண்டும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பல அழைப்பிதழ்களில் கவர்ச்சிப் பெயரே தலைப்பாகிவிடுகிறது. அதைப் படித்து இது மென்பொருளா, போட்டியா, விளையாட்டா என்று துறைத்தலைவரால் சொல்ல முடியாது.

வரிக்குள் அடங்காதவை இரண்டு, அவற்றை அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் தர வேண்டும். ஒன்று, உண்மையான நேரம். ஒன்பது மணிக்குப் பதிவு, பத்துக்குத் தொடக்க விழா, தேநீர், பிறகு மதிய உணவு, மூன்றரைக்கு நிறைவு விழா என்றால் ‘ஒருநாள்’ என்பதில் கணினி முன் அமர்வது மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. மற்றொன்று, மாணவர் கொண்டுவர வேண்டியவை. மடிக்கணினி தேவையா, QGISஐ வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வர வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்த மூன்று மணியில் ஒரு மணி, பூட்டிய ஆய்வகக் கணினிகளில் நிர்வாகி அனுமதி தேடுவதில் போய்விடும். நடத்துகிறவர் கடைசி நேரத்தில் மாறினாலோ பாடம் மாறினாலோ வரியையும் மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே பரவிய படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் பதிவு செய்தவர்களின் எண்கள் சங்கத்திடம் இருக்கின்றன. புதிய வரியை அவர்களுக்கு அனுப்பி, வேண்டாம் என்கிறவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரலாம்.